கார்பனைச் சுற்றி ஆறு

யோகலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது ஏழு மாதம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருடமாக வேதியியல் டீச்சர். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை எழுதியது இது நான்காம் முறை. அடுத்தது வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

தற்காலிக விடைக்குறிப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. திருத்திப் பார்த்தார். நூற்றைம்பதுக்கு எழுபத்துநான்கு. தேர்ச்சிக்கு எழுபத்தைந்து வேண்டும்.

கண்ணை உறுத்தியது எண்பத்தெட்டாம் கேள்வி: கார்பன் மோனாக்சைடில் கார்பனின் முறைசார் மின்சுமை (formal charge) என்ன? அவர் பூஜ்யம் என்று குறித்திருந்தார். விடைக்குறிப்பில் மைனஸ் ஒன்று.

ஆட்சேபம் தெரிவிக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி வரை அவகாசம். நாலரைக்குச் சாத்தூரில் மணிகண்டராஜின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். உடன் தேர்வெழுதிய முனியராஜ் அங்கே இருந்தான். அவனும் பூஜ்யம்தான் போட்டிருந்தான். ஆனால் அவனுக்கு எண்பத்தொன்று.

"விடைக்குறிப்பே தப்பு டீச்சர். எலக்ட்ரானை இழுக்கது ஆக்சிஜன். கார்பனுக்கு மைனஸ்னா அதுக்குப் போயி பிளஸ்ஸா? எந்தக் கிறுக்கன் போட்டானோ! படத்தோட போடுங்க, மாத்தித்தான் ஆகணும்."

யோகலட்சுமி வெள்ளைத்தாளில் வரைந்தார். கார்பனுக்கு நாலு, ஆக்சிஜனுக்கு ஆறு, மொத்தம் பத்து எலக்ட்ரான். நடுவே இரட்டைப் பிணைப்பு. கார்பன் மேல் ஒரு தனித்த எலக்ட்ரான் இணை, ஆக்சிஜன் மேல் இரண்டு. எண்ணினார், பத்து சரி. நாலில் தனித்த இரண்டும் பிணைப்பில் பாதி இரண்டும் போக, கார்பனுக்குப் பூஜ்யம். ஆறில் நாலும் இரண்டும் போக, ஆக்சிஜனுக்கும் பூஜ்யம்.

"ஸ்கேன் பண்ணிரவாக்கா?" என்றார் மணிகண்டராஜ்.

"கொஞ்சம் இருங்க."

அணுக்களைச் சுற்றி வட்டம் போட்டார். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எட்டு எலக்ட்ரான் வர வேண்டும். ஆக்சிஜன் வட்டத்துக்குள் எட்டு. கார்பன் வட்டத்துக்குள் தனித்தது இரண்டு, பிணைப்பில் நாலு. ஆறுதான். மறுபடி எண்ணினார். ஆறு.

ஆக்சிஜனின் ஓர் இணையைப் பிணைப்புக்குள் தள்ளினார். முப்பிணைப்பு. இரண்டு வட்டத்திலும் எட்டு. கார்பன்: நாலில் இரண்டும் மூன்றும் போக மைனஸ் ஒன்று. ஆக்சிஜன்: ஆறில் இரண்டும் மூன்றும் போக பிளஸ் ஒன்று.

"விடைக்குறிப்புல சரியாத்தான் போட்டிருக்கான், முனியராஜ். சுமை பூஜ்யம் வந்ததும் நான் நிறுத்திட்டேன். எட்டு இருக்கான்னு பாக்கல."

"அதை எவன் டீச்சர் உக்காந்து எண்ணப் போறான்? சும்மா போட்டுவிடுங்க."

"எண்ணத் தெரிஞ்சவன்தான பாப்பான்."

"அப்ப உங்க பிள்ளைகளுக்கு இம்புட்டு வருசமா..." என்று தொடங்கியவன், அவர் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

பூஜ்யம் வந்தால் படம் சரி, அடுத்த கணக்குக்குப் போ என்றுதான் வகுப்பில் சொல்லிவந்தார்.

தாளை மடித்து வைத்துவிட்டு, தவறிப்போன மற்ற எழுபத்தைந்து கேள்விகளையும் வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். எங்காவது ஓரிடத்தில் விடைக்குறிப்பு தப்பியிருக்காதா? மூன்றாம் கேள்வி, ஏழு, பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் அவர்கள் சரி, இவர் தப்பு. நாற்பத்தோராம் கேள்விக்கு வந்தபோது மணிகண்டராஜ் கூப்பிட்டார்.

"அக்கா, மணி அஞ்சரை. லிங்க்கை மூடிட்டாங்க."

"சரி," என்றார். கை நாற்பத்துநான்காம் கேள்விக்கு நகர்ந்தது.