உறக்கத்தில் ஒரு காதுகுத்து

எண்பதுகளின் தொடக்கத்தில், பதினொரு மாத மகளைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து தனியாக வந்தேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பம்பாயில் ஒரு விமானம் மாறி, மதராஸிலிருந்து ரயிலேறி, ஆனையூரில் என் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எந்தக் கிழமை என்றே எனக்குத் தெரியவில்லை.

பத்தரை மணி நேர வித்தியாசம். மகளுக்குப் பகல் இரவாகி, இரவு பகலானது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் தூங்கும் பிள்ளையைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். நள்ளிரவில் அவளுக்கு மதியச் சோற்றுப் பசி வந்துவிடும். தின்றுவிட்டுக் கை தட்டிச் சிரிப்பாள். நானும் கூடவே விழித்திருப்பேன்.

நான்காம் நாள் காலை ஒன்பதரைக்குக் காதுகுத்து என்று அண்ணன் முன்பே நாள் குறித்திருந்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"அண்ணே, அங்க அப்ப ராத்திரி பதினொரு மணி. எழுப்பினா கத்தித் தீர்த்திருவா. ஒரு வாரம் தள்ளி வைங்களேன்."

"எல்லாருக்கும் சொல்லியாச்சு தாயி. எப்படித் தள்ள முடியும்?"

அண்ணிதான் வழி கண்டார். "ராத்திரி முழிச்சா லைட்டப் போடாத, வெளாட்டுக் காட்டாத. சோறு கேட்டா இருட்டுலயே கொஞ்சமா குடு. காலையில வெயில்ல கொண்டு போய் உக்காரு. பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல தூங்க விடாத" என்றார். அடுத்த இரண்டு காலையும் தை மாத இளவெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். விழிக்கும் நேரம் ஓரிரண்டு மணி நகர்ந்தது. அவ்வளவுதான்.

அன்று காலை அண்ணன் மடியில் அவள் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப நான் கையை நீட்டினேன். ஆசாரி தடுத்தார்.

"எழுப்பாதீக தங்கச்சி. அசையாத பிள்ளை எனக்கு எங்க கெடைக்கும்?"

சந்தனப் புள்ளி வைத்துத் தங்கக் கம்பியை இடது காதில் ஏற்றினார். முகம் சுளித்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், தூக்கத்தைத் தொடர்ந்தாள். வலது காதில் குத்தியதும் வீடே அதிரும்படி அலறினாள். அண்ணனின் புதுச் சட்டை நனைந்துபோனது.

"இம்புட்டுத் தூரம் வந்து மாமனுக்குக் குடுத்த சீராக்கும் இது!" என்று அவர் சிரித்தார்.

அந்த அழுகையில் தூக்கம் கலைந்தது. அண்ணி ஊட்டிய இட்லியை ஒன்றரை தின்றாள். வந்தவர்கள் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சியதில் மாலை வரை கண் மூடவில்லை. எட்டு மணிக்குச் சாய்ந்தவள் அதிகாலை நான்குக்குத்தான் சிணுங்கினாள். அடுத்த சில இரவுகளில் மறுபடி விழித்தாள் என்றாலும், பத்தாம் நாளுக்குள் ஊர் நேரம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

எனக்குத்தான் இன்னும் சில நாள் பிடித்தது. மத்தியானம் நான் அசந்து தூங்கிப்போக, மகள் அண்ணி இடுப்பில் உட்கார்ந்து தெருவையெல்லாம் சுற்றிவந்தாள்.