‘நாம் மாற்றியது’ என்ற கட்டம்

சண்முகசுந்தரி யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். பூக்காரி முழம் போட்டுக் கொடுத்தால் தன் கையால் ஒரு தடவை அளந்து பார்ப்பாள். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை இரண்டு மருந்துக்கடையில் காட்டி விசாரித்த பிறகே விழுங்குவாள். “நீ சந்தேகப்படாத ஆளு சங்கரங்கோயில்ல கோமதியம்மன் மட்டுந்தான்” என்பான் அவள் புருஷன் காசி. அம்மன் விஷயத்திலும் அவன் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ராஜபாளையம் சாலையில் உள்ள ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை. ஊர்த் தறிகளில் நெய்த துண்டும், சாரம் என்கிற லுங்கியும் மஸ்கட், துபாய்க் கடைகளுக்குப் போகும். அவற்றுக்கான கடிதங்களும் சலவைக் குறிப்புகளும் அவள் கையால் போகும். ஒரு வருஷமாக, கேட்டதை எழுதித் தருகிற ஏஐ சாட் ஒன்றை வைத்துத்தான் கடிதமெல்லாம். அலுவலகத்தில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. யார் எதைக் கேட்டாலும் திரையின் இடது பக்கத்தில் தலைப்பு வரிசையாக நிற்கும். இடம் அடைகிறதே என்று ஒருவர் கேட்டதை இன்னொருவர் அழித்துவிடுவதும் உண்டு. ஆர்டர் பார்க்கிற கோகுல் இந்த வேலையில் கெட்டிக்காரன்.

சித்திரை மாதம் மேனேஜர் நியாஸ் அகமது ஒரு குறிப்பை அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டினார். கடையநல்லூர்க்காரர், ஷார்ஜாவில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். குறிப்பில் இருந்தது இது: வெளியே போகும் கடிதத்துக்கு சாட்டில் வாங்கிய பதிலை அன்றன்றே பொது டிரைவில் போட வேண்டும். வெறும் லிங்க் போதாது. சாட்டை அழித்தால் லிங்கும் செத்துப்போகும், ஆகவே எழுத்தை நகலெடுத்து ஆவணமாக வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதி, வாடிக்கையாளர், விஷயம் இருக்க வேண்டும். உள்ளே நாலு கட்டம்: கேட்ட கேள்வி, வந்த பதில், நாம் மாற்றியது, சரிபார்த்தவர் பெயர். சும்மா முயன்று பார்த்த பதில்களைச் சேமிக்க வேண்டாம். யாருடைய போன் நம்பரும் வங்கி விவரமும் சாட்டிலும் போகக்கூடாது, டிரைவிலும் கிடக்கக்கூடாது.

மற்றவர்கள் ஒரு தடவை வாசித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். சுந்தரி மூன்று தடவை வாசித்தாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது. பதிலைக் கேட்டால் சரி, கேள்வியை எதற்குக் கேட்கிறார்? எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற பதினெட்டு வருஷ வித்தை அந்தக் கேள்விக்குள்தானே இருக்கிறது! அதையும், இயந்திரம் சறுக்குகிற இடத்தில் அவள் திருத்துவதையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவள் நாற்காலியில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

அவள் சண்டை போடவில்லை. இரண்டாவது கட்டத்தை மட்டும் நிரப்பினாள். அதிலும் திருத்தி முடித்த கடிதத்தையே வைத்தாள். மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு. வேலை முடிந்ததும் சாட்டை அழித்தாள்.

“சுந்தரிக்கா, பதில் மட்டுந்தான கெடக்கு. கேள்வி எங்க?” என்று கேட்டார் நியாஸ் ஒருநாள்.

“மறந்துட்டேன் பாய். நாளையில இருந்து போடுதேன்.”

“மாத்துனதையும் எழுதுங்கக்கா. அதுதான் முக்கியம்.”

‘முக்கியம்’ என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு முக்கியம் என்றால் உயிரே போனாலும் தரக்கூடாது என்று முடிவு கட்டினாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஆனி கடைசியில் ஒரு புதன்கிழமை. மஸ்கட் கடைக்குக் கடிதம் எழுதுவதற்காகச் சாட்டைத் திறந்தாள். இடது பக்கத்தில் அவள் பார்த்திராத தலைப்பு ஒன்று நின்றது: ‘பணியாளர் குறைப்பு குறித்த கடிதம்’.

மாட்டினார் பாய் என்று நினைத்தாள். பயத்தைவிட, தன் சந்தேகம் பலித்த திருப்திதான் ஒரு நிமிஷம் மேலோங்கியது. நியாஸ் சாப்பிடப் போயிருந்தார். திறந்தாள்.

முதலாளிக்கு நியாஸ் எழுதிய கடிதம் அது. சாட் வந்த பிறகு கடிதம் எழுதத் தனி ஆள் எதற்கு, அடுத்த மாதத்தோடு சண்முகசுந்தரியை நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். கூடாது என்று நியாஸ் வாதாடியிருந்தார். ‘சாட் எழுதுவதை அப்படியே அனுப்பினால் நம் பெயர் கெடும். அதன் தவறுகளைப் பிடிப்பவர் இவர்தான். இவர் எதையும் எளிதில் நம்பமாட்டார். நமக்கு வேண்டியது அந்தக் குணமே.’ இதைத் திருத்திக் கொடு என்று கேட்டு, டிரைவிலிருந்த அவளுடைய கோப்புகளையும் இணைத்திருந்தார்.

கடிதத்தைத் திருத்தித் தந்த இயந்திரம், கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தது. ‘இவர் தவறுகளைத் திருத்துகிறார் என்பதற்கு இணைத்த கோப்புகளில் சான்று இல்லை. எல்லாவற்றிலும் ‘நாம் மாற்றியது’ கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே உள்ளது. மூன்று எடுத்துக்காட்டுகளாவது சேர்த்தால் கடிதம் வலுப்பெறும்.’

சுந்தரி அந்தக் குறிப்பை மறுபடி வாசித்தாள். சாயம் போகவே போகாது என்று சாட் சத்தியம் செய்ததை அடித்துவிட்டு, ‘முதல் தடவை தனியாகத் துவைக்கவும்’ என்று அவள் எழுதினாளே, அது எங்கே? துபாய்க்காரர் வேண்டாம் என்று சொன்ன பாலியெஸ்டர் கலந்த துணியை சாட் புகுத்தியதைக் கண்டுபிடித்தாளே, அது எங்கே? எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாக அழித்திருந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

நியாஸ் வந்தார். திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“பாத்துட்டீங்களா? எல்லாருக்கும் ஒரே கணக்குங்கறதையே மறந்துட்டேன்” என்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா பாய்?”

“சொன்னா நீங்க அதயும் சந்தேகப்படுவீங்க.”

“திருத்துனதெல்லாம் இருந்துச்சு பாய். நான்தான் அழிச்சேன்.”

“எத்தன இருக்கும்?”

“மூணு மாசத்தோடது. ஞாபகத்துல இருந்து இப்பம் எழுதித் தந்திரட்டா?”

“இன்னைக்கி எழுதுனா இன்னைக்கித் தேதியத்தான காட்டும்? மொதலாளி அதத்தான் மொதல்ல பாப்பாரு. கடிதம் வெள்ளிக்கெழம போயாகணும்.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மஸ்கட் கடிதம் அப்படியே காத்திருந்தது. சாரம் அறுநூறு, எப்போது அனுப்ப முடியும் என்று கேட்டிருந்தார்கள். சாட்டிடம் கேட்டாள். முப்பது நாளில் உறுதியாக அனுப்பிவிடுவோம் என்று அழகான இங்கிலீஷில் வந்தது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இந்த ஊரில் ஒரு வாரம் தறிச் சத்தமே கேட்காது; அந்தச் சங்கதி அதற்கு எப்படித் தெரியும்? முப்பதை அடித்து நாற்பது என்று போட்டாள்.

பிறகு டிரைவைத் திறந்து, தேதி, மஸ்கட், சாரம் என்று கோப்புக்குப் பெயர் வைத்தாள். கேள்வியை ஒரு எழுத்து விடாமல் வைத்தாள். வந்த பதிலை வந்தபடியே வைத்தாள். மூன்றாவது கட்டத்தில் எதை ஏன் மாற்றினாள் என்று விவரமாக எழுதினாள். நாலாவதில் தன் பெயரை முழுசாக எழுதினாள். சாட்டை அழிக்கவில்லை.

நியாஸ் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். “இது நல்ல சான்று. ஆனா மூணு வேணும்கா.”

சுந்தரி வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டிய கடிதங்களின் கட்டைப் புரட்டினாள். இரண்டே இரண்டு இருந்தன. இந்த இயந்திரம் எங்கே தப்பு செய்துவிடுமோ என்றுதான் ஒரு வருஷமாக அவள் காவல் இருந்திருக்கிறாள்.

“ஏன் பாய், வெள்ளிக்குள்ள இது இன்னும் ரெண்டு தப்பு செஞ்சிரும்லா?” என்று கேட்டாள்.