முழு அறிக்கையைக் காட்டுங்கள்

குற்றாலக் கடைவீதிப் பேச்சைப் பற்றிய என் முதுகலை ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒப்புமை அறுபது விழுக்காடு, இது திருட்டு என்றார், தென்காசிக் கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர். செயற்கை நுண்ணறிவே எழுதியது என்று, அதைக் கண்டறியும் கருவியும் சொல்கிறதாம்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுலே. இல்லைன்னா பட்டம் கிடையாது. பட்டிமன்ற மேடையில பேசுத வாயை இங்கன காட்டாத."

உள்ளம் கொதித்தது, குரலைத் தாழ்த்தினேன்.

"சார், ரெண்டு அறிக்கையையும் முழுசாக் காட்டுங்க. பாத்துட்டுப் பதில் எழுதித் தாரேன்."

அதுவரை அவரும் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. வேண்டாவெறுப்பாகத் திறந்தார். ஒப்புமை முழுவதும் என் முன்வரைவோடுதான். துறையே அதை முன்பு ஒப்புமைக் கருவியில் பதிவேற்றிச் சேமித்திருந்தது. தமிழ் அறியாத மற்றக் கருவியோ ஆங்கிலச் சுருக்கத்தை மட்டுமே படித்துவிட்டு ஏடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

"சரி, சரி, போலே" என்றார்.

என்னிடம் கேட்ட மன்னிப்புக் கடிதத்தை அவர் எழுதவில்லை.