தலைக்கனக்காரியின் கண்ணாடி

தரம் ஒன்பதில் படிக்கும்போது அலவத்துகொடையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. நான் தலைக்கனம் பிடித்தவளாம். பாதையில் எதிரே வருபவர்களுக்குச் சலாம் சொல்வதில்லையாம், சிரிப்பதில்லையாம், யாரைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கி முறைக்கிறேனாம். உண்மை என்னவென்றால் எனக்கு ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாக இல்லை. கண்ணைச் சுருக்கினால் கொஞ்சம் தெளியும், அதனால் சுருக்கினேன். எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். நடையை வைத்தும் குரலை வைத்தும் ஆட்களைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

அந்தக் கெட்டித்தனம் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் காலை வாரியது. என்னுடன் ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி, கொழும்பிலிருந்து வந்த தன் மச்சிமாருக்கு என்னை அறிமுகப்படுத்த வேண்டும் என்று பாதைக்கு மறுபக்கம் நின்று கையை ஆட்டியிருக்கிறாள். நான் அவள் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கி, அப்படியே மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை அவள் வேறு வாங்குக்குப் போயிருந்தாள். காரணம் கேட்டேன்.

"கண்டிட்டும் காணாத மாதிரி போன தானே நீ," என்றாள்.

காணவில்லை என்று சத்தியம் செய்தேன். நேருக்கு நேர் பார்த்துவிட்டுப் போனவள் காணவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

சில வாரம் கழித்து, கரும்பலகையில் இருந்ததை நான் பிழையாக எழுதுவதைக் கண்ட கணித டீச்சர் உம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல, உம்மா என்னைக் கண்டியிலுள்ள ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். கனமான இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, இதுவா தெளிவு, அதுவா தெளிவு என்று கேட்டார்கள். இரண்டு கண்ணும் மைனஸ் நாலரைக்குப் பக்கத்தில் வந்தது. சின்னச் சட்டம் எடுத்தால் ஓரம் மெலிதாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். மைனஸ் வில்லை நடுவில் மெலிந்து ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்குமாம். நான் கேட்கவில்லை. போனில் பார்த்த பெரிய வட்டச் சட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

வந்து சேர்ந்த கண்ணாடியின் ஓரம் பிஸ்கட் தடிப்பில் இருந்தது. அதைப் போட்டதும் என் கண்கள் இரண்டும் சிறுத்துப்போயின. வகுப்பில் முதல் மணிக்கே பெயர் வைத்துவிட்டார்கள்: சோடாப் போத்தல். ஒருத்தி விரல்களை வளையமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்தாள். சிநேகிதி அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆனால் சிரித்தாள். கண்ணாடி போட்டிருந்ததால் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகவே தெரிந்தது. வாப்பாவின் காசில் வாங்கியதை என்ன செய்தால் உடையும் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குக் கோபம் வந்தது.

கேலி வரும்போதெல்லாம் கழற்றிப் பையில் போட்டேன். பிறகு போட்டேன், பிறகு கழற்றினேன். போடும் ஒவ்வொரு முறையும் தரை சாய்ந்து தெரிந்தது, படிகள் பள்ளத்தில் இருந்தன, தலை இடித்தது. விடாமல் போட்டால் இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நான்தான் அந்த இரண்டு வாரத்தை ஆரம்பிக்கவே விடவில்லையே.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டு அதற்கு மேலே கண்ணாடிக் கால்களைச் செருகினேன். வழுக்குத் துணி, காதில் பிடிப்பில்லை. கண்ணாடி சறுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிடும். அதற்குள்ளால் பார்க்க நாடியைத் தூக்க வேண்டும். ஆக, முன்பு முறைத்த தலைக்கனக்காரி இப்போது மூக்கை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். பார்வையும் மங்கலாகத்தான் இருந்தது. கண்ணாடியே பிழை என்று உம்மாவிடம் சண்டை பிடித்தேன்.

உம்மா மறுபடி கடைக்கு இழுத்துப் போனார். இந்த முறை அங்கே வேலை செய்த ராத்தா ஒருவர் என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்து, ஸ்கார்ஃபைக் கழற்றச் சொன்னார். கண்ணாடியை முதலில் மாட்டி, கால்களைச் சூடாக்கி என் காதுக்கு ஏற்ப வளைத்து, பிறகு அதன் மேல் ஸ்கார்ஃபைக் கட்டவைத்தார்.

"வில்லை கண்ணை விட்டுத் தூரப் போனா பவர் கொறஞ்சிரும் மகள். அது மூக்குக்கு மேலதான் இருக்கோணும்," என்றார். கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்ற வேண்டும், ஸ்கார்ஃப் முனையால் துடைத்தால் கீறல் விழும், சவர்க்காரம் தொட்டுத் தண்ணீரில் கழுவு என்றும் சொன்னார்.

வெளியே வந்து நிமிர்ந்தேன். பகிரவகந்தை மலையில் இருக்கும் வெள்ளைப் புத்தர் சிலைக்கு முகம் இருந்தது. பதினான்கு வருடம் அதை நான் ஒரு வெள்ளைக் கறையாகவே பார்த்து வந்திருக்கிறேன். பாதையோர மரங்களில் இலைகள் தனித்தனியாக ஆடின. பஸ்ஸின் பலகையை யாரிடமும் கேட்காமல் வாசித்தேன். அன்றிலிருந்து நான் அதைக் கழற்றவில்லை. கேலி உடனே நிற்கவில்லை. ஆனால் தலையிடி நின்றது, தரை நேரானது, கடைசி வாங்கிலிருந்தே கணக்கைப் பார்த்து எழுதினேன். மழை நாளில் வகுப்புக்குள் நுழைந்ததும் வில்லை பனித்துப்போகும். அதற்கும் சிரித்தார்கள், சில நாளில் நானும் சிரித்தேன். சோடாப் போத்தல் என்றால் 'என்ன வேணும்' என்று திரும்பிக் கேட்கப் பழகினேன்.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. டியூஷன் முடிந்து ஒரு சனிக்கிழமை அதே மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்தேன். பாதைக்கு மறுபக்கம் அந்தச் சிநேகிதி நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தயாரானதுகூட எனக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் பாதையைக் கடந்து வந்தாள்.

"அன்டைக்கி நெசமாவே தெரியல்லயா?" என்று கேட்டாள்.

சொல்லி விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பின்னால் பின்னால் நடக்கச் சொன்னேன். கிட்ட நின்றபோதே அவள் கண் இமை எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. இரண்டு எட்டில் மூக்கு போயிற்று. இன்னும் சில எட்டில் கண்ணும் வாயும் இல்லாமல், வெள்ளை ஸ்கார்ஃபுக்குள் மாநிறமாக ஏதோ ஒன்று மட்டும் இருந்தது.

"இப்ப நீ யாரெண்டே தெரியல்ல," என்று சத்தமாகச் சொன்னேன்.

அவள் அங்கேயே நின்றாள். தோள் குலுங்குவது போல் இருந்தது. மறுபடியும் சிரிக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. திட்டுவதற்காகத்தான் கண்ணாடியைப் போட்டேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.