கல்லூரி ஆலோசகருக்கு என் கணவர் எழுதிய மின்னஞ்சல்

என் கணவர் மகேந்திரராசாவுக்கு வயது ஐம்பத்தொன்று. அவர் ஒரு மாணவர். இதைச் சொன்னால் சிட்னியில் வெள்ளைக்காரர் யாரும் சிரிப்பதில்லை, எங்கள் ஆட்கள்தான் சிரிக்கிறார்கள். மெரிலேண்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு வருஷமாகப் பராமரிப்பு வேலை செய்கிறார். குளிக்க வார்ப்பார், உடுப்பு மாற்றுவார், சாப்பாடு தீத்துவார். மருந்து வண்டியை மட்டும் தொட முடியாது. அது நேர்ஸ்மாரின் வேலை. படகில் வந்து, பன்னிரண்டு வருஷம் தற்காலிக விசாவில் தொங்கிக் கிடந்து, நிரந்தர விசா கைக்கு வந்த மாதமே நேர்சிங் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தார்.

"அந்த வண்டியை நான் தள்ள வேணும்" என்றார். இவ்வளவு காலம் காத்திருந்த மனுசனுக்கு வேறு பெரிய ஆசை ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

படிப்பில் எல்லாம் நன்றாகத்தான் போனது, மருந்துக் கணக்குச் சோதனை வரும் வரைக்கும். அதில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் சித்தி. தொண்ணூற்றெட்டு எடுத்தாலும் தோல்விதான். நியாயமான சட்டம் என்றுதான் சொல்வேன். எனக்கு யாராவது நேர்ஸ் தொண்ணூற்றெட்டு வீதம் சரியான மருந்து தந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரியின் மாணவர் ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லி மகள் சஜிதாவிடம் கொடுத்தார். அவள் குசினி மேசையில் இருந்து அதைச் சத்தமாக வாசித்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"மதிப்பிற்கும் கௌரவத்திற்கும் உரிய அம்மா" என்று தொடங்கியது கடிதம். அதிகாலை நாலரைக்கு எழும்பி ஆறு வரை குறிப்புகளை வாசிக்கிறேன். ரயிலில் சூத்திரங்களை வாசிக்கிறேன். வேலை முடிந்து வந்து, செய்முறைக் கணக்குகளை அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, விடைகளைச் சிவப்பு மையால் எழுதி, திறமான கொப்பியில் பதிகிறேன். சாப்பிட்ட பின் அந்தக் கொப்பியை வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக் கொப்பியையும் முதலிலிருந்து வாசிக்கிறேன். இதில் என்ன குறை என்று தயவுசெய்து கூறவும். நித்திரையை இன்னும் ஒரு மணித்தியாலம் குறைக்கலாமா? இரண்டு முறை தோற்றுவிட்டேன். வரும் வெள்ளி மூன்றாவதும் கடைசியுமான தடவை. இதிலும் தவறினால் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக முடியாது, அடுத்த வருஷம் இந்தப் பாடத்தை மறுபடி தொடங்க வேண்டும்.

தோசை கருகியது. எனக்குத் தெரிந்தவரை சோதனை இரண்டு முறை "பின்போடப்பட்டிருந்தது."

"டாட், யூ டோல்ட் மம் இற் வோஸ் போஸ்ட்போண்ட்" என்றாள் சஜிதா. இந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று இன்னும் தெரியாது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"என்னெண்டு சொல்லுறது?" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். தோற்றதற்கு இல்லை. என்னிடம் போய் மறைத்ததற்கு. அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. கருகிய தோசையை அவருக்கே வைத்தேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. செவ்வாய் மாலை கணினியில் முகம் பார்த்துப் பேசலாம் என்று எழுதியிருந்தார் ஆலோசகர். திரையில் வந்தது ஒரு சின்னப் பெண், முப்பது இருக்காது. பெயர் ஹரிப்பிரியா.

"தமிழ்ல பேசினா உங்களுக்கு ஓகேவா அங்கிள்? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ஓம், மனுசி இருக்கிறா. இருக்கட்டும்" என்றார். கதிரையை இழுத்துப் போட்டு நானும் இருந்தேன். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"உங்க மெயிலை மூணு தடவை படிச்சேன் அங்கிள். அதுல 'வாசிக்கிறேன்' நாலு இடத்துல வருது. 'நோட்டை மூடிட்டு நானே கணக்குப் போடுறேன்'னு ஒரு இடத்துலயும் வரல. வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும். டெஸ்ட்ல நோட்டு இருக்காதே?"

"போடுறனான் பிள்ளை. கொப்பியில இருக்கிறதெல்லாம் நான் போட்டதுதான்."

"அப்போ தப்பாப் போட்டதைக் காட்டுங்களேன்."

இவர் கொப்பியைக் கமராவுக்கு முன்னால் விரித்தார். நூற்றைம்பது பக்கம். ஒரு பிழைகூட இல்லை. கலியாணப் பத்திரிகை தோற்றுப்போகும்.

"இது ரொம்ப அழகா இருக்கு. தப்பெல்லாம் எங்க போச்சு?"

இவர் கொப்பியை மூடினார். எனக்குத் தெரியும். பழைய தாளும் பெட்டியும் போடுகிற மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியை வீதிக்குத் தள்ளுகிறவள் நான்தானே. சில கிழமைகளாக அதில் கசக்கிய தாள்கள் குவிந்துகொண்டிருந்தன. கணக்குப் பிழைத்தால் தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்துவிட்டு, விடையைப் பார்த்துச் சரியான முறையைக் கொப்பியில் பதிந்திருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் பழக்கினார்கள். கொப்பி துப்புரவாக இருந்தால் பிள்ளை கெட்டிக்காரன். ஆனால் இவர் கிழித்ததற்கு அது மட்டும் காரணமில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கண்ணில் படக் கூடாது என்று எறிந்திருக்கிறார்.

நான் எழும்பிப் போய், தொட்டிக்குள் தலையை விட்டு, பால் பெட்டிகளுக்கு இடையில் கிடந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பத்தொன்பது தாள். மேசையில் கொட்டினேன்.

"இஞ்சேர், என்ன இது…" என்றார். தாள்களைக் கையால் மூடப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நீங்க சூப்பர்" என்றது திரை. "கணக்கு எனக்கு வராது அங்கிள். அதுக்குக் கல்லூரியில தனியா ஒரு டீச்சர் இருக்காங்க, நாளைக்கே நேரம் வாங்கித் தர்றேன். நீங்க இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. எந்த இடத்துல தப்பாச்சோ அந்த இடத்தை வட்டம் போடுங்க. அப்புறம், தூக்கத்துல கை வைக்காதீங்க."

சஜிதாவையும் கூப்பிட்டு, மூன்று பேரும் குந்தியிருந்து தாள்களை நீவி வட்டம் போட்டோம். பதினாலு தாளில் வட்டம் ஒரே இடத்தில் விழுந்தது. மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றும் இடம். ஆயிரத்தால் பெருக்க வேண்டியதை இவர் நூறால் பெருக்கியிருந்தார். 0.125 மில்லிகிராம் என்றால் 125 மைக்ரோகிராம். இவருக்கு அது பன்னிரண்டரை.

"பத்து வருஷம் வவுனியாத் துணிக்கடையில மீற்றரைச் சென்ரிமீற்றராக்கின கை" என்றார் அவர், தன் கையையே பார்த்தபடி. பிறகு சிரித்தார். சூத்திரமெல்லாம் அவருக்குத் தண்ணீர்ப்பாடம், நித்திரையில் கேட்டாலும் சொல்வார். புள்ளியை இரண்டு இடம் தள்ளிவிட்டு நிறுத்துவது கைப்பழக்கம். அதற்காக இந்த மனுசன் தன்னை மொக்கன் என்று நினைத்துக்கொண்டு நாலரைக்கு எழும்பியிருக்கிறார்.

புதனன்று அந்த டீச்சரிடம் போனார். மற்ற நேரங்களில் கொப்பி அலுமாரியில் இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், அவர் வெறுந்தாளில் போடுவார், பிழைத்தால் நான் சிவப்பால் வெட்டுவேன். முதல் நாள் நாலு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் அவருக்கு முகம் சுருங்கியது. தாளைக் கசக்கக் கை போகும், நான் பறித்துவிடுவேன். வியாழனன்று ஒரு வெட்டு. அன்று பத்து மணிக்கே படுக்க அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சோதனை எழுதிவிட்டு வந்தார். எப்படி என்று கேட்டேன். "தெரியேல்லை" என்றார். பொய் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

திங்கள் மத்தியானம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போனுக்குச் செய்தி வந்தது. பெறுபேறு கல்லூரித் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்த் தனியாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். போன இரண்டு முறையும் அப்படித்தான் பார்த்திருப்பார். அவர் என் முன்னால் வந்து இருந்து, போனை என் கையில் வைத்தார்.

"நான் இன்னும் பாக்கேல்லை. நீர் முதல் பாரும். என்னெண்டாலும் சொல்லும்."

நான் திறந்தேன். நூறு என்று இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் தோற்றுவிட்டதாக நினைத்து, "பரவாயில்லையப்பா, அடுத்த வருஷம் பாப்பம்" என்று என் தலையைத் தடவினார்.