முன்பின் தெரியாதவரிடம் கேட்ட வழி

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் ஒரு தொழிற்சாலையின் உதிரிப்பாகக் கிடங்கில் எழுத்தராக இருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் பணியிடப் பாதுகாப்பு அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த வேலையில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. வேலைத் தொடர்புகளுக்கான இணையதளத்தில் தேடி, ஈப்போவில் வேறொரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் ஒரு தமிழருக்கு எழுதினேன்.

அவரும் கிடங்கிலிருந்து வந்தவர் என்று அவருடைய பக்கத்தில் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் நான் என்ன அனுபவம் தேடிக்கொள்ள வேண்டும்? வேலை கேட்கவில்லை, இது என் அலுவலகத்துக்குத் தெரியாது என்பதையும் கடைசியில் சேர்த்தேன்.

மறுநாள் மாலை அவரே அழைத்தார்.

"ரொம்ப நன்றி சார்."

"சார் எல்லாம் வேணாம்லா, தம்பின்னு கூப்பிடுங்க. முதல்ல உங்க கம்பெனி சேஃப்டி கமிட்டியில தொழிலாளர் பிரதிநிதியா நுழைஞ்சிருங்கக்கா. அவங்க சோதனைக்குச் சுத்தி வரும்போது கூட நடங்க, விபத்து விசாரணையில உக்காருங்க. பரீட்சை மட்டும் பாஸ் பண்ணா பத்தாது, அனுபவம் காட்டினாத்தான் பாதுகாப்பு அதிகாரின்னு பதிவு கிடைக்கும்."

நான் தேடியது இதைத்தான். பிறகு அவர் கேட்டார்: "அக்கா பொறந்து வளர்ந்தது எந்த எஸ்டேட்டு?"

"சிலிம் ரிவர் பக்கம்."

"அலாமா! என் மாமியாரும் அங்கதான்."

அதன்பின் தோட்டத்து லயத்து வீடுகளையும் கோயில் திருவிழாவையும் பற்றித்தான் பேசினோம். ஃபோனை வைத்தபோது சொந்தக்காரர் ஒருவர் கிடைத்ததுபோல் இருந்தது.

எங்கள் கமிட்டியில் ஓர் இடம் காலியாக இருந்தது. எங்கள் பிரிவிலிருந்து பெயர் கொடுப்பவர் என் சூப்பர்வைசர். கேட்டேன். "போலேலா, தாராளமா! உங்க பேரையே போடுறேன்" என்றார்.

அடுத்த வாரம் அவர் என்னைக் கிடங்கு வாசலிலேயே நிறுத்தினார்.

"என்னக்கா, பறக்கப் போறீங்களாம்?"

"யார் சொன்னது?"

"என் பெரியம்மா. ஈப்போவுல இருக்கிற அவங்க மருமகன்கிட்ட வழி கேட்டீங்களாமே? போற ஆளுக்கு எதுக்குக்கா கமிட்டி? நாங்க பழக்கி விடணும், நீங்க வேற கம்பெனிக்குப் போவணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த இடத்துக்கு வேறொருவர் பெயர் போய்விட்டது.

அன்று மாலை ஈப்போக்காரரை அழைத்தேன். "என் ஆபீசுக்குத் தெரியாதுன்னு எழுதியிருந்தேனே, தம்பி."

"ஐயோ அக்கா, வெளி ஆளுகிட்டயா சொன்னேன்? நம்ம எஸ்டேட்டு அக்கா ஒருத்தவங்க மேல வரப் பாக்குறாங்கன்னு மாமிகிட்ட பெருமையாத்தான்லா சொன்னேன். நல்லதுக்குத்தான்."

வருத்தம் தெரிவிப்பார் என்று காத்திருந்தேன். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார். முகம் தெரியாத ஒருவராகவே அவர் இருந்திருந்தால் என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு என்னை மறந்திருப்பார். நெருங்கி வந்துதான் கெடுத்தார்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாக்கா?"

கேட்க வேண்டியது இருந்தது. கமிட்டி இல்லாமல் அந்த அனுபவத்தை எங்கே பெறுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.