நாலு செக்கன் இழைப்பு

கரைத்தீவில் பெண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ எல்லாம் ஹஃபீலாவிடம்தான் வரும். ஆண்கள் பார்க்கக் கூடாத காட்சிகளை வெட்டி ஒட்ட ஒரு பெண் வேண்டும். ஊரில் இருந்தது அவள் ஒருத்தி. அவள் கணவன் ஸப்ரான், முத்தலிபு என்பவரின் தளபாடப் பட்டறையில் தச்சு வேலை செய்யும் ஓடாவி. மரத்தில் அவன் கை நல்ல கை. ஆனால் பட்டறைக்கு வேலை வருவது நின்றுகொண்டிருந்தது. கட்டாருக்குப் போகலாமா என்று ஸப்ரான் கேட்கத் தொடங்கியிருந்தான். அப்படிக் கேட்கிறவன் மனதால் பாதி போய்விட்டவன் என்று அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது.

அந்த நேரம் கற்பிட்டிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல், கட்டிலும் கதிரையும் செய்ய ஆள் தேடியது. பட்டறை வேலை செய்யும் விதத்தைக் காட்டி அறுபது செக்கன் வீடியோ ஒன்று அனுப்பச் சொன்னார்கள். ஓடர் கிடைத்தால் ஸப்ரான் ஊரில் இருப்பான். ஹஃபீலாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பட்டறைக்குள் அவள் கால் வைத்ததே அந்த வீடியோவுக்காகத்தான். போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு மேள இசைக்கு வெட்டினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு காட்சி மாறும்: ரம்பம், உளி, கொட்டாப்புளி, பொலிஷ். படம் துள்ளிக்கொண்டு ஓடியது. முத்தலிபு பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"நல்லா இரிக்கி தங்கச்சி. ஆனா வாத்தியம் வேணா. நம்மட பட்டறைப் பேர போடுறம், அல்லாட பரக்கத் போயிடும்."

"அப்ப என்ன போடுற நானா?"

"நஷீத் ஒண்டு போடுங்களேன். வாயால மட்டும் பாடினது."

மேளத்தை எடுத்துவிட்டு நஷீதைப் போட்டாள். அடிக்கு அளந்து வெட்டிய காட்சிகள் அடி இல்லாமல் அநாதையாகிவிட்டன. குரல் நிதானமாக இழுத்துப் பாட, படம் எதற்கென்று தெரியாமல் தாவிக்கொண்டிருந்தது. இசையை மாற்றினால் வெட்டையும் மாற்றத்தான் வேண்டும். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டாள்.

பிறகு போனை மரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டறையின் சத்தங்களையே பதிவு செய்தாள். முதலில் சத்தங்களை வரிசைப்படுத்தி, அவற்றின் மேல் படத்தை வைத்தாள். ரம்பத்தில் தொடக்கம். அடுத்து ஸப்ரான் பலகை மேல் இழைப்புளி தள்ளிச் சீவுவது. பிறகு கதிரைக் கால் துளைக்குள் இறங்க, கொட்டாப்புளியின் ஒவ்வோர் அடியிலும் ஒரு வெட்டு. காட்சிகள் குறுகிக் குறுகி வேகம் ஏறும். கடைசியில் சத்தமே இல்லாமல் முடிந்த கதிரை, கீழே பட்டறையின் பெயர்.

இழைப்புளிக் காட்சி மட்டும் நாலு செக்கன். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தள்ளு. சீவல் சுருண்டு சுருண்டு எழும்பும்.

"இது கொஞ்சம் நீளமாத் தெரியிது. பாதியா வெட்ட ஏலாதா?" என்றார் முத்தலிபு.

"பாதில வெட்டினா சத்தம் அறுந்திடும் நானா."

அது உண்மை. முழு உண்மை இல்லை.

ஹோட்டல்காரர்கள் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். போனில், சத்தத்தை அணைத்துவிட்டு. அவள் அத்தனை பாடுபட்டுக் கோத்த சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. சத்தம் போனால் அந்த நாலு செக்கனில் மிஞ்சுவது ஒரு மனுசன் ஆறுதலாக எதையோ தள்ளுவதுதான். பெரிய ஹோட்டல், ஒரு நிமிசம் காது கொடுக்க ஆளில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது இந்தக் கதை சொல்கிற நானாக இருந்தால் அவர்களைத் திட்டித் தீர்த்திருப்பேன், முத்தலிபு மரியாதைக்காரர்.

"ஒரு பலகைக்கே இவ்வளவு நேரமெண்டா எல்லா அறைக்கும் எப்ப முடிப்பாங்க எண்டு கேட்டாங்களாம்," என்று மட்டும் வந்து சொன்னார். ஓடர் சிலாபத்துக்கு அப்பால் மெஷின் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போய்விட்டது. ஹஃபீலா அன்று சோறு தின்னவில்லை.

ஓடர் போனபின் எல்லாரையும் வைத்திருக்க முத்தலிபுவால் முடியவில்லை. ஸப்ரான் கட்டார் ஏஜன்டிடம் போனான். வேலை தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஏஜன்ட் கேட்க, கையில் இருந்த வீடியோவை அனுப்பிவிட்டான். பதில் வர நாளாகவில்லை.

"கம்பனிக்காரர் சத்தத்தோட பாத்தாராம்," என்று வீட்டுக்கு வந்து சொன்னான். சந்தோசப்படுவதா இல்லையா என்று அவன் முகத்துக்கே தெரியவில்லை. "அந்த இழைக்கிற ஆள்தான் வேணுமெண்டு செல்லிட்டாராம். அந்த இடத்த திருப்பித் திருப்பிப் பாத்தாராம்."

ஹஃபீலா அடுப்பை அணைத்தாள்.

"முத்தலிபு நானா அத வெட்டத்தான் சொன்னார்," என்றாள். "நான்தான் வெட்டல்ல. உங்களப் பாத்துக்கிட்டே இரிக்கணும் போல இரிந்திச்சி."

ஸப்ரான் போய் அலுமாரியைத் திறந்தான். பிறகு, பாஸ்போர்ட் படத்துக்குப் போட நல்ல சட்டை எது என்று கேட்டான்.